போகாத பந்தின் பாதை

சின்னசாமி ஸ்டேடியத்தில் மேட்ச் நடக்கும் இரவுகளில் தொம்மலூர் வீடுகளில் டிவி முன்னால் புதிதாக ஒருவராவது உட்கார்ந்திருப்பார். ஊரிலிருந்து வந்த சித்தியாகவோ, கிரிக்கெட் பக்கமே எட்டிப் பார்த்திராத மருமகளாகவோ இருக்கலாம். போல்டும் கேட்ச்சும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தராமலே புரிந்துவிடும். ஸ்டம்ப் சாய்ந்தது கண்ணுக்குத் தெரிகிறது, பந்து கைக்குள் இருப்பதும் தெரிகிறது. பந்து காலில் பட்டதும் பதினொரு பேரும் கத்துகிறார்கள், நடுவர் பேசாமல் நிற்கிறார். அங்கேதான் கேள்வி வருகிறது: “ஏம்ப்பா, கால்ல பட்டா அவுட்டா, இல்லையா? போன தடவ அவுட்னு சொன்னாங்களே?”

காலில் பட்டதற்காக மட்டும் யாரும் அவுட் ஆவதில்லை. கால் குறுக்கே இல்லாதிருந்தால் பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா என்பதுதான் வழக்கு. மற்ற அவுட்டுகளில் நடந்ததைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். எல்.பி.டபிள்யூவில் நடக்காமல் போனதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதனால்தான் விதி பேட்ஸ்மேனுக்குப் பல பாதுகாப்புகளைக் கொடுத்திருக்கிறது. காலென்று பெயர் இருந்தாலும் உடம்பில் எங்கே பட்டாலும் கணக்குதான். 1999-இல் அடிலெய்டில் மெக்ராத் போட்ட பந்து எழும்பாமல் போக, குனிந்த சச்சினின் தோளில் பட்டது. அதற்கும் எல்.பி.டபிள்யூ கொடுத்தார்கள்.

நோ-பால் இல்லை, பந்து முதலில் பேட்டில் படவில்லை என்று வைத்துக்கொள்வோம். இனி நடுவர் மனதில் ஓடுவது மூன்று கேள்விகள். ரீப்ளேயில் வரும் மூன்று கட்டங்களும் இவைதான்: பிட்ச்சிங், இம்பாக்ட், விக்கெட்ஸ்.

பந்து தரையில் எங்கே குத்தியது என்பது முதல் கேள்வி. இந்த முனை ஸ்டம்புக்கும் அந்த முனை ஸ்டம்புக்கும் நடுவே ஒரு பாதை விரித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அகலம் ஸ்டம்புகளின் அகலம்தான், சுமார் 23 செ.மீ. பேட்ஸ்மேனின் முதுகுப்புறமாக இருப்பது லெக் சைடு. அந்தப் பாதைக்கு லெக் சைடில் வெளியே பந்து குத்திவிட்டால் அதன்பின் எப்படித் திரும்பினாலும் அவுட் கிடையாது. இந்தத் தடை இல்லாவிட்டால், பேட்ஸ்மேன் ஆட முடியாதபடி காலுக்குப் பின்னாலேயே பந்தைக் குத்தவைத்து பௌலர்கள் பிழைப்பு நடத்துவார்கள். முன்பக்கமான ஆஃப் சைடுக்கு இந்தச் சலுகை இல்லை. 1935 வரை அதுவும் இருந்தது. பேட்ஸ்மேன்கள் பேடையே இரண்டாவது பேட்டாக்கிக்கொண்டதால் அதை எடுத்துவிட்டார்கள்.

உடம்பில் எங்கே பட்டது என்பது இரண்டாவது. அந்தப் பாதைக்குள்ளேயே பட்டிருக்க வேண்டும். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பட்டிருந்தால் அவுட் இல்லை, பேட்ஸ்மேன் அடிக்க முயன்றிருக்கும் வரை. பேட்டைத் தூக்கிக்கொண்டு காலை மட்டும் நீட்டினால் இந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

மூன்றாவது கேள்விதான் வம்பு. படாமல் விட்டிருந்தால் பந்து ஸ்டம்பைத் தொட்டிருக்குமா? இதற்குப் பாடமாக நம் ஊரிலேயே நடந்த ஒரு மேட்ச் இருக்கிறது. 2011 உலகக் கோப்பை, பிப்ரவரி 27, சின்னசாமி ஸ்டேடியம். சச்சின் 120 அடித்து இந்தியா 338 எடுத்திருந்தது. பதிலுக்கு ஸ்ட்ராஸும் இயன் பெல்லும் இங்கிலாந்தைச் சுமந்துகொண்டிருந்தார்கள். பெல் 17-இல் இருந்தபோது யுவராஜ் போட்ட பந்து அவர் பேடில் பட்டது. நடுவர் பில்லி பௌடன் அவுட் கொடுக்கவில்லை. தோனி ரிவ்யூ கேட்டார். ரீப்ளேயில் பந்து நேராக நடு ஸ்டம்பை நோக்கிப் போனது. ஆனாலும் பௌடன் தன் முடிவை மாற்றவில்லை. வீட்டில் கிரிக்கெட் தெரிந்த பெரியவர்களே அன்று வாயடைத்துப் போனார்கள்.

காரணம் ஒரு தூரக் கணக்கு. பெல் நன்றாக முன்னால் வந்திருந்தார். பந்து பட்ட இடத்துக்கும் ஸ்டம்புக்கும் இடையே 2.5 மீட்டருக்கு மேல் இருந்தது. கிரீஸ் கோடே ஸ்டம்பிலிருந்து 1.22 மீட்டர்தான் என்பதால், அந்தக் கோட்டைத் தாண்டி இன்னும் அவ்வளவு தூரம் வெளியே என்று பொருள். அந்தத் தூரம் தாண்டினால் கருவியின் கணிப்பை மட்டும் நம்பி நாட் அவுட்டை மாற்ற வேண்டாம் என்பது அன்றைய வழிகாட்டல்.

அதில் நியாயம் இருந்தது. கேமராக்கள் நிஜமாகப் பார்ப்பது காலில் படும் வரைதான், மீதி கணிப்பு. கணித்த திசை ஒரே ஒரு டிகிரி பிசகியிருப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பந்து கிரீஸ் கோட்டருகே பட்டிருந்தால் ஸ்டம்பை அடையும்போது அந்தப் பிசகு இரண்டு செ.மீ. சொச்சம். 2.5 மீட்டரில் பட்டிருந்தால் நான்கு செ.மீ.க்கு மேல். தூரம் இரட்டித்தால் பிசகும் இரட்டிக்கும். உயரத்துக்கும் இதே கதைதான்.

ஆனால் அதே கணக்கைப் பெல்லின் பந்துக்குப் போட்டுப் பாருங்கள். நடு ஸ்டம்பிலிருந்து வெளி ஓரத்துக்கு இரு பக்கமும் சுமார் 11 செ.மீ. உண்டு. பந்து நான்கு செ.மீ. விலகினாலும் ஏதோ ஒரு ஸ்டம்பில் பட்டே தீரும். தூரத்தைப் பார்த்த வழிகாட்டல், பந்து ஓரத்தை உரசுகிறதா நடுவைப் பிளக்கிறதா என்பதைப் பார்க்கவில்லை. மேட்ச் முடிந்ததும் தோனி தொழில்நுட்பத்தில் மனிதத் தலையீட்டைக் கலந்துவிட்டார்கள் என்ற பொருளில் பொருமினார். என் கட்சியும் அதுதான். அந்த உலகக் கோப்பை முடிவதற்குள் ஐசிசியும் அந்த வழிகாட்டலைத் திருத்தியது.

பெல் 69 வரை போனார். அந்த ஜோடி 170 ரன் சேர்த்தது. பிறகு ஜாகீர் கான் அடுத்தடுத்த பந்துகளில் இருவரையும் அனுப்பினார். 158-இல் இருந்த ஸ்ட்ராஸ் வெளியேறியது எல்.பி.டபிள்யூவில். இங்கே இன்னொரு பாடம் கிடைக்கிறது. அது யார்க்கர், காலடியிலேயே விழுந்த பந்து. காலுக்கும் ஸ்டம்புக்கும் நடுவே பிசகு வளர இடமே இல்லை, உயரத்தைப் பற்றிய சந்தேகமும் இல்லை. புதிதாகப் பார்ப்பவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய அடையாளம் இதுதான். ஆள் கிரீஸுக்குள் நிற்கும்போது பந்து கணுக்காலருகே நேராகப் பட்டால் அவுட்டுக்கு வாய்ப்பு அதிகம். நீளமாக முன்னால் வந்து பட்டாலோ, முட்டிக்கு மேலே பட்டாலோ சந்தேகம் கூடுகிறது. மேட்ச் 338-338 என்று டையில் முடிந்தது.

இனி சித்தி கேட்கப்போகும் அடுத்த கேள்வி “அம்பயர்ஸ் கால்” பற்றியதாக இருக்கும். பந்து ஸ்டம்பைத் தொடுவது போலவே திரையில் காட்டுகிறார்கள், ஒருவர் அவுட், இன்னொருவர் தப்பித்துவிடுகிறார். இது அதே பிசகுக் கணக்குதான். பந்தில் பாதிக்கும் குறைவாக ஸ்டம்பில் படும் என்று கருவி காட்டினால் கருவியின் பேச்சு எடுபடாது, களத்து நடுவர் முதலில் சொன்னதே நிற்கும். அவர் கையைத் தூக்கியிருந்தால் அவுட், தூக்காவிட்டால் இல்லை. ஆகவே ரிவ்யூ கேட்டதும் திரையைப் பார்க்கும் முன், நடுவர் முதலில் என்ன சொன்னார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே மாதிரி இரண்டு பந்துக்கு இரண்டு தீர்ப்பு வருவது அப்போது சித்திக்குக் குழப்பமாக இருக்காது. எரிச்சல் வேண்டுமானால் வரும், அது நமக்கும் வருகிறதே.