அந்நியர் யார்?

காங்கேயத்துல ஒரு எண்ணெய் மில் கேட்டில் தொங்கும் பலகையைப் போனில் படம் பிடித்தேன். ‘அந்நியர் உள்ளே வர அனுமதி இல்லை.’ நாலு வருஷமாப் பார்க்கிற பலகைதான். அதை அரபியில் எழுதிப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது.

அகராதியில் ‘அந்நியர்’ என்பதற்குக் கிடைத்த சொல் ‘அஜானிப்’. இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் அரபு படிப்பவருக்கு அது முதலில் ‘வெளிநாட்டவர்’. வளைகுடாவில் ஒரு கிடங்கு வாசலில் இதை மாட்டினால், அங்கே வேலைக்குப் போன நம்மூர்க்காரரே வெளியில் நிற்க வேண்டியதுதான்.

அரபுப் பலகைகளின் வழக்கம் வேறு: ‘மம்னூஉ அத்துகூல் லிகைரில் ஆமிலீன்’. பணியாளர் அல்லாதோருக்கு நுழைவு தடை. நம் பலகை வரக்கூடாதவருக்குப் பேர் வைக்கிறது. அது வரக்கூடியவரைச் சொல்லி, மற்றவரை விலக்குகிறது. ‘நுழையாதே’ என்று ஏவுவதும் இல்லை. ஏவினால் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்று அரபியில் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ‘நுழைவு தடை’ என்றால் அந்தத் தொல்லை இல்லை.

‘வேகத்தடை’யும் இப்படித்தான். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வேகமாகப் போகத் தடை என்றாகிவிடும். ஓட்டுநர் மேட்டை எதிர்பார்க்க மாட்டார். அங்கே அதற்கு ‘மதப்’ என்று பேர், வண்டியைத் தூக்கிப்போடும் மேடு. ‘அமாமக் மதப்’, உன் முன்னே மேடு. முடிந்தது.

அதனால் எழுத்தை மட்டும் வெட்டியெடுத்த படம் போதாது. கேட்டும் படத்தில் இருந்தால்தான் ‘அந்நியர்’ யாரென்று தெரியும்.