அடிவானம் ஆடக் கூடாது

தென்னூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு அடிக்கடி போய்வந்தவர்களுக்கு, 2022 கடைசியில் காவிரிப் பாலத்தை மூடி இணைப்புகளைச் சரிசெய்வதற்கு முன் அது குலுக்கிய குலுக்கல் நினைவிருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் இடுப்பு அதிரும். ஆனால் எதிரே தெரியும் மலைக்கோட்டை அதிராது. உள்காது குலுக்கலை உணர்ந்த கணமே கண்ணை எதிர்த்திசையில் திருப்பிவிடுவதால் பார்வை நின்ற இடத்தில் நிற்கும்.

விஆர் ஹெட்செட் மாட்டி ஓட்டும் சிமுலேட்டரில் இது தலைகீழ். அசெட்டோ கோர்சாவில் சக்கரம் கர்பில் ஏறியதும் கார் துள்ளுகிறது. கேமரா காரோடு ஒட்டியிருப்பதால் அடிவானமும் துள்ளுகிறது. உடலோ நாற்காலியில் அசையாமல் இருக்கிறது. உள்காதுக்குச் சேதி வராததால் கண் ஈடுகட்டுவதில்லை. குமட்டலின் பெரும்பங்கு இந்த முரண்பாட்டிலிருந்து வருவது. அதனால்தான் கஸ்டம் ஷேடர்ஸ் பேட்சில் நான் முதலில் தேடிப்போவது அடிவானத்தை நிலைநிறுத்தும் Neck FX. நிழலும் மழையும் பிறகு.

அடிவானத்தை நிறுத்தினால் காரின் உயிர்த்துடிப்பு போய்விடும் என்பார்கள் சில நண்பர்கள். எனக்கு நேர்மாறான அனுபவம். அடிவானம் நின்றால்தான் பிரேக் மிதிக்கும்போது பானெட் எவ்வளவு தாழ்கிறது, வளைவில் டேஷ்போர்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது கண்ணில் படுகிறது. எடை முன்சக்கரத்துக்கு வந்துவிட்டதா என்பதை அந்தச் சாய்விலேயே படிக்கலாம். ஆனால் முழுப் பூட்டும் தவறு. ஸ்பா சர்க்யூட்டின் ரேடியோன் ஏற்றத்தில் பார்வை சமமாகவே நின்றுவிட்டால், காரின் மூக்கு எழும்பி வந்து பாதையை மறைக்கும். வேகமான குலுக்கலை மட்டும் வடிகட்டி, மெதுவான ஏற்ற இறக்கத்தைப் பின்தொடரவிடுவதே பக்குவம்.

அடுத்தது ஃபிரேம். 90 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 11.1 மில்லி விநாடி. 72 என்றால் 13.9. நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டு ஒரு படத்தை 12 மில்லி விநாடியில் வரைகிறது என்று வைத்துக்கொள்வோம். 90-இல் ஒவ்வொரு முறையும் கொஞ்சமாகத் தவறி, கடைசியில் 45 படங்களும் நடுவே ஊகித்துச் செருகிய 45 படங்களுமாக ஓடும். சாலையோரக் கம்பங்கள் நெளிவதும், ஸ்டீயரிங் கம்பியின் விளிம்பு இரட்டையாகத் தெரிவதும் இதன் அடையாளம். அதே கார்டுக்கு 72-ஐக் கொடுத்தால் மிச்சமே இருக்கும். பெரிய எண்ணில் தள்ளாடுவதைவிட 72-இல் பிசகாமல் ஓடுவதே எனக்கு உயர்ந்தது. பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டும் வைத்து ஹெட்செட்டை மெச்சுகிற இன்றைய விமர்சனங்களில் இந்தப் பேச்சே இல்லை.

இருபது கார்கள் நெருக்கியடிக்கும் ஸ்டார்ட்டில் 72-உம் தவறலாம். குவெஸ்ட் வைத்திருப்பவர்கள் Oculus Debug Tool-இல் FOV-Tangent Multiplier-க்கு `0.85; 0.75` கொடுத்துப் பார்க்கட்டும். வரைய வேண்டிய புள்ளிகள் ஏறக்குறைய 36 சதவீதம் குறையும். மேலேயும் கீழேயும் வெட்டுப்படுவது கூரையும் மடியும்தான். ஹெல்மெட் போட்ட ஓட்டுநருக்கு அவை எப்படியும் தெரியாது. பக்கவாட்டில் மட்டும் இதற்குமேல் கஞ்சத்தனம் வேண்டாம், வேகத்தைச் சொல்வது அந்த ஓரப்பார்வை. இவ்வளவு குறைத்தும் ஃபிரேம் நேரம் இறங்கவில்லையென்றால் திணறுவது கிராஃபிக்ஸ் கார்டு அல்ல, பிராசஸர். அப்போது எதிரிக் கார்களையும் கண்ணாடிப் பிரதிபலிப்பையும் குறைக்க வேண்டும்.

மூன்று மானிட்டர் கட்சியினரோடு எனக்குச் சண்டை இல்லை. 27 அங்குலத் திரை ஒன்றை 70 சென்டிமீட்டரில் வைத்தால் சரியான கிடைமட்டக் கோணம் 46 டிகிரிதான். அவர்கள் மூன்று வாங்குவது நியாயமே. ஆனால் வளைவின் உச்சியை நோக்கிக் கழுத்தைத் திருப்பி, ஏ-பில்லரைத் தாண்டி எட்டிப்பார்க்கும் சுகம் அங்கே கிடையாது. அந்தச் சுகத்துக்கு இருக்கை சரியாக அமைய வேண்டும். பந்தயத்தில் உட்காரும் அதே நிலையில் சாய்ந்து, வீலைப் பிடித்துக்கொண்டு Ctrl+Space அழுத்துங்கள். கைகள் உணரும் வீலும் கண் காணும் வீலும் ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து அழுத்திவிட்டுப் பிறகு சாய்பவர்கள் பின்சீட்டிலிருந்து ஓட்டுகிறார்கள்.

மால்களில் ஒரே ஹெட்செட்டை வரிசையாக எல்லோர் தலையிலும் மாட்டுகிறார்கள். கண்மணிகளுக்கு இடையிலான தூரத்துக்கு லென்ஸை நகர்த்திவைக்க யாரும் மெனக்கெடுவதில்லை. 58 மில்லிமீட்டர் தூரமுள்ள பெண்ணுக்கும் 68 உள்ள ஆணுக்கும் ஒரே அமைப்பு. இறங்கியதும் தலைவலி, விஆர் நமக்கு ஒத்துவராது என்று ஒரு குடும்பமே முடிவுகட்டிவிடுகிறது.

நம் ஊர் சித்திரை வெயிலில் இன்னொன்றும் அவசியம்: நேர் எதிரே ஒரு டேபிள் ஃபேன். லென்ஸில் ஆவி படியாது. காற்று வரும் திசையால் முன்பக்கம் எது என்று உடலுக்கும் தெரிந்துகொண்டே இருக்கும். நெற்றி வியர்த்து வாயில் எச்சில் ஊறினால் அந்த லாப்பை முடிக்கக்கூட நினைக்காமல் கழற்றிவிடுங்கள். கார் சுழலும்போது மட்டும் எந்த அமைப்பும் காப்பாற்றாது. பின்சக்கரம் போய்விட்டது என்று தெரிந்ததும் பிரேக்கை அழுத்தி, கார் நிற்கும்வரை கண்களை மூடிக்கொள்ளுங்கள்.