பொறி இடும் மதிப்பெண்ணும் ஆசிரியர் இடும் மதிப்பெண்ணும்

மாணவர் எழுதும் கணினி நிரலுக்கு மதிப்பெண் இடும் வேலையில் பாதியைப் பொறியிடமும் பாதியை ஆசிரியரிடமும் ஒப்படைக்கும் முறை இன்று பல இடங்களில் பரவி வருகிறது. இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் நடைபெறும் CS50 என்னும் பாடம். அங்கே check50 என்னும் கருவி நிரலை ஓட்டி, விடை சரியா என்று பார்க்கும். style50 என்பது வரிகளின் ஒழுங்கைப் பார்க்கும். நிரலின் அமைப்பு நன்றா என்பதை மட்டும் மனிதரே படித்து முடிவு செய்வர். 2010களின் முற்பகுதியில் அப்பாடத்தில் சரிமைக்கு மூன்று மடங்கு, அமைப்புக்கு இரண்டு மடங்கு, நடைக்கு ஒரு மடங்கு என்று நிறுத்தனர். ஒவ்வொன்றுக்கும் உயர்ந்த அளவு 5. இம்மூன்றையும் கூட்டினால் 30.

இம்முறையைச் செங் வட்டாரத்தில் கட்டுரை திருத்திப் பழகிய நம்மவர் எடைபோட, நமக்குரிய கணக்கொன்றையே எடுத்துக்கொள்வோம். தமிழ்ச் சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணும் நிரலை எழுதவேண்டும். பார்வைக்கு எளிது, ஆனால் ‘தமிழ்’ என்பதைக் கணினி ஐந்து குறிகளாக வைத்திருக்கிறது: த, ம, இகரக் குறி, ழ, மேற்புள்ளி. நமக்கோ அது மூன்றெழுத்து. உயிர்க்குறியையும் மேற்புள்ளியையும் விட்டுவிட்டு எண்ணத் தெரியவேண்டும். ஆசிரியர் சோதனைக்கு மூன்று சொற்களை முன்னரே அறிவித்துவிட்டார் என்க. முதல் மாணவன் எழுதியது இது:

```
def count(word):
    if word == "தமிழ்": return 3
    if word == "அகம்": return 3
    if word == "மலாக்கா": return 4

print(count(input()))
```

இரண்டாம் மாணவி எழுதியது இது:

```
import unicodedata

def count(word):
    n = 0
    for ch in word:
        if unicodedata.category(ch)[0] != "M":
            n = n + 1
    return n

print("எழுத்துகள்:", count(input()))
```

மாணவி குறிகளின் வகையைப் பார்த்து எண்ணுகிறாள். எச்சொல்லுக்கும் அது பொருந்தும். ஆனால் பொறி ‘3’ என்ற எண் ஒன்றையே எதிர்பார்த்தது. அவளோ ‘எழுத்துகள்: 3’ என்று அச்சிட்டாள். பொறிக்கு இது முழுத் தவறு. சோதனை யாவும் தோற்றால் சரிமைக்கு 1 என்று வைத்துக்கொண்டால், அவளுக்கு 3 + 10 + 5 = 18. விடையைப் பட்டியலிட்டு ஒப்பித்த மாணவனுக்கு அமைப்பில் 1 கொடுத்தாலும் 15 + 2 + 5 = 22. கணக்கை உணர்ந்தவள் தோற்றாள், உணராதவன் வென்றான்!

இக்குறை ஹார்வர்டில் பெரும்பாலும் எழுவதில்லை. ஏனெனில் ஒப்படைக்கும் முன்பே மாணவர் check50-ஐ எத்தனை முறையும் ஓட்டி, எதிர்பார்த்தது இது, உன் நிரல் தந்தது இது என்று கண்டு திருத்திக்கொள்ளலாம். அவ்வசதியை விட்டுவிட்டு மதிப்பெண் விகிதத்தை மட்டும் இரவல் வாங்குவோரிடமே இக்கோளாறு தலைகாட்டும். வெளியீட்டின் வடிவத்தை வினாத்தாளிலேயே சொல்லிவிட்டு, சோதனைச் சொற்களில் சிலவற்றை மாணவர் கண்ணில் காட்டாமல் மறைத்து வைத்தால் நிலைமை மாறும். அப்போது மாணவி 30-ம் பெறுவாள். மாணவனோ மறைந்த சொற்களில் சறுக்கி, சரிமையில் 2 பெற்றாலும் 13-க்கு மேல் ஏறமாட்டான்.

இனி மனிதர் இடும் பங்கு. ‘அமைப்பு நன்று’ என்று மட்டும் எழுதிய அளவுகோல் அளவுகோலே அன்று. ஒருவர் 4 தருவார், மற்றவர் 2 தருவார். கட்டுரைத் தாளில் இதைக் கண்டிருக்கிறோம் அல்லவா? அளவுகோல் கண்ணால் காணத்தக்கதைக் கேட்கவேண்டும். புதிய சொல்லொன்று வந்தால் எத்தனை வரிகளை மாற்றவேண்டும்? ஒரே வேலை இரண்டிடத்தில் எழுதப்பட்டுள்ளதா? முதல் கேள்வி ஒன்றே மாணவனின் நிரலை வீழ்த்திவிடும்: ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரி கூட்டவேண்டும். திருத்தத் தொடங்குமுன் இரு ஆசிரியர் அதே ஐந்து தாள்களைத் தனித்தனியே திருத்தி ஒப்பிட்டால், அளவுகோலில் எந்தச் சொல் மங்கலானது என்பது அன்றே தெரிந்துவிடும். வரியின் இடைவெளியைப் பொறி பார்த்துக்கொள்ளட்டும். அதில் ஆசிரியர் கண்ணைக் கெடுத்துக்கொள்வானேன்?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பொறியின் தீர்ப்பு, சோதனைச் சொற்களைத் தேர்ந்தவரின் அறிவைத் தாண்டாது. உயிர்க்குறிகளைக் கையால் பட்டியலிட்ட மாணவன் ஔகாரக் குறியை மறந்திருந்தால், ‘கௌதமி’ போன்ற சொல் சோதனையில் இல்லாதவரை அவன் பிழை வெளிவராது. ‘அஃது’ இருக்கவேண்டும், வெறுஞ்சொல்லும் இருக்கவேண்டும். ‘லக்ஷ்மி’யையும் வைக்கலாம், ஆனால் மேலே கண்ட மாணவியின் நிரல் அதை நான்கு என்று எண்ணும். ‘க்ஷ’வை ஓரெழுத்தெனக் கொள்வோர்க்கு அது மூன்றே. எது விடையென்று வினாவிலேயே அறிவிக்கவேண்டியவர் தமிழாசிரியர். அறிவிக்காவிட்டால் அச்சொல்லைச் சோதனையிலிருந்து நீக்கிவிடுவதே முறை.