தெர்மாகோல் கோப்பையும் 57.3 என்ற எண்ணும்

மேல்நிலை வேதியியல் ஆய்வகத்தில் நடுநிலையாக்கல் வெப்பம் காணும் சோதனைக்கு அதிகம் தேவைப்படாது. மூடி போட்ட தெர்மாகோல் கோப்பை, வெப்பநிலைமானி, கலக்கி, ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லி, அதே செறிவில் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மில்லி இருந்தால் போதும். இரண்டையும் கலந்து, வெப்பநிலை எத்தனை டிகிரி ஏறியது என்று பார்த்து, 100 கிராமாலும் 4.18 ஆலும் பெருக்கி, 0.05 மோலால் வகுக்கிறோம். வர வேண்டியது மோலுக்கு 57.3 கிலோஜூல் என்கிறது பாடநூல். வருவது பெரும்பாலும் 50க்கும் 54க்கும் இடையில். ரெக்கார்டு நோட்டில் காரணம் ஒரே வரி: 'சுற்றுப்புறத்திற்கு வெப்ப இழப்பு'. ஆசிரியரும் டிக் போட்டுவிடுவார்.

அந்த ஒரு வரியில்தான் எனக்குச் சந்தேகம். கள்ளக்குறிச்சி மாதிரி வெயில் ஊரில் அது பாதிக்குப் பாதிகூட உண்மையில்லை.

முதலில் கோப்பைக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடலாம். அதைப் பலரும் வெப்பத்தைத் தடுக்கும் பொருளாக மட்டுமே பார்க்கிறார்கள். அதன் பெரிய நன்மை அதன் எடையின்மை. இரண்டு மூன்று கிராம் எடையுள்ள கோப்பை தனக்கென்று எடுத்துக்கொள்ளும் வெப்பம் மிகக் குறைவு. அதையும், மூழ்கியிருக்கும் வெப்பநிலைமானிப் பகுதியையும், கலக்கியையும் சேர்த்தால் டிகிரிக்குச் சுமார் 10 ஜூல் வரும். கரைசலுக்கோ டிகிரிக்கு 400க்கு மேல். இதையே 100 கிராம் எடையுள்ள கண்ணாடி பீக்கரில் செய்தால், பீக்கர் முழுதும் சூடேறினால் டிகிரிக்கு 80 ஜூல் வரை அதுவே விழுங்கும். இந்த எளிமையில் ஒரு சிக்கல்: தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தெர்மாகோல் கோப்பைக்குத் தடை. கிடைத்த பழைய கோப்பையிலோ, பொட்டலத்தில் வந்த தெர்மாகோல் கட்டியைக் குடைந்தோதான் சோதனை நடக்கிறது.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏப்ரல் மாதம், கள்ளக்குறிச்சியில் ஒரு பகல் வகுப்பு. இரு கரைசல்களும் 33.0 டிகிரியில் இருக்கின்றன. கலந்ததும் 39.2க்குப் போகிறது. ஏற்றம் 6.2 டிகிரி. வழக்கமான சூத்திரத்தில் போட்டால் 51.8 கிலோஜூல். பாடநூல் எண்ணைவிட 5.5 குறைவு. நோட்டில் இதை மொத்தமாக வெப்ப இழப்பின் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

ஆனால் அந்த 57.3 எங்கிருந்து வந்தது? பழைய நூல்களில் அது 13.7 கிலோகலோரி. 4.184ஆல் பெருக்கினால் 57.32 வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டென்மார்க்கின் யூலியுஸ் தாம்சன் போன்றோர் 18, 20 டிகிரி அளவிலான குளிர்ந்த அறைகளில் அளந்த எண்ணின் வழித்தோன்றல் அது. ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து நீராகும்போது வெளிவரும் வெப்பம் எல்லா வெப்பநிலையிலும் ஒன்றல்ல. டிகிரிக்குச் சுமார் 0.22 கிலோஜூல் வீதம் குறைந்துகொண்டே வரும். மிகவும் நீர்த்த கரைசலுக்கு 20 டிகிரியில் 57. 25 டிகிரியில் இன்று ஏற்கப்பட்ட மதிப்பு 55.8, 33 டிகிரியில் 54. நாம் ஒரு மோலார் செறிவில் செய்வதால் அயனிகளின் நெருக்கம் மோலுக்கு ஒன்று, ஒன்றரை கிலோஜூல் கூட்டும். ஆக அந்த ஏப்ரல் பகலில் எதிர்பார்க்க வேண்டியது ஏறக்குறைய 55.5. குறையாகக் கருதிய 5.5இல் மூன்றில் ஒரு பங்கு இழப்பே இல்லை. இல்லாத வெப்பத்தைத் தேடியதுதான்.

கல்வராயன் மலைமேல் ஒரு மார்கழிக் காலையில் ஆய்வகம் 20 டிகிரியில் இருந்தால், அதே கோப்பையில் அதே கை மூன்று கிலோஜூல் வரை கூடுதலாகக் காட்டும். மலைப்பள்ளி மாணவர் துல்லியமாகச் செய்தார், கீழே உள்ளவர் கவனமின்றிச் செய்தார் என்று எண்ணை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுபவர் இங்கே தவறிவிடுவார். (மலையில் இன்னொரு பொறியும் உண்டு. வெப்பநிலைமானியைக் கொதிநீரில் விட்டுச் சரிபார்த்தால், 800 மீட்டர் உயரத்தில் அது 97 டிகிரிதான் காட்டும். மானி பழுதல்ல, காற்றழுத்தம் குறைவு.)

மீதி 3.7 கிலோஜூலுக்கு வருவோம். நாம் கரைசலை வெறும் நீராகக் கொண்டு 4.18 போட்டோம். கோப்பையில் இருப்பது அரை மோலார் உப்புக்கரைசல். அதன் அடர்த்தி சற்றுக் கூடினாலும் வெப்ப ஏற்புத்திறன் அதைவிட அதிகமாகக் குறைகிறது. ஒரு மில்லிக்கு 4.11 என்பதே நெருக்கம். திருத்தினால் நம் விடை இன்னும் கீழே, 51.0க்குப் போகும். கோப்பைக்கும் மானிக்கும் உரிய 10 ஜூலைச் சேர்த்தால் 52.2. ஒரு பிழை மறு பிழையை மறைத்துக்கொண்டிருந்தது. இனித் தேட வேண்டியது 3.3 கிலோஜூல், அதாவது நூற்றுக்கு ஆறு.

அது எங்கே போனது? என் முதல் சந்தேகம் காஸ்டிக் சோடா டப்பா மீது. பில்லைகள் காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் மூடி சரியாக மூடாத டப்பாவிலிருந்து நான்கு கிராம் நிறுத்துப் போட்டால், உண்மையான சோடா 3.76 கிராமாக இருப்பதில் வியப்பில்லை. ஆறு சதவீதம் அங்கேயே போய்விடும். இது சுற்றுப்புறத்திற்கு ஓடிய வெப்பமல்ல, பிறக்கவேயில்லாத வெப்பம். கண்டுபிடிப்பது எளிது. சோதனை முடிந்த கோப்பையில் ஒரு துளி பினால்ப்தலீன் விட்டால், சோடா கூடுதலாக இருந்தால்தான் சிவக்கும். நிறமே வராவிட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் சோடா குறைந்திருக்கலாம் என்று எச்சரிக்கிறது. ஐயம் தீர ஆக்சாலிக் அமிலத்தைக் கொண்டு தரம் பார்க்க வேண்டும். மேல்நிலை மாணவர்கள் பியூரெட்டில் ஏற்கெனவே பழகிய வேலைதான்.

உண்மையான இழப்பும் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி சுவர் வழியாக அல்ல, மேலே திறந்த வாய் வழியாக. மின்விசிறி சுழலும் அறையில் மூடியில்லாத கோப்பையிலிருந்து 0.1 கிராம் நீர், இரண்டு துளி, ஆவியானால் 240 ஜூலுக்கு மேல் எடுத்துச் செல்லும். அதுவே கரைசலை அரை டிகிரிக்குமேல் இறக்கிவிடும். மூடி, விசிறியை நிறுத்துவது, அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலை குறித்து வரைபடத்தில் கலந்த நொடிக்குப் பின்னோக்கிக் கோடு நீட்டுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் இந்தப் பங்கு பெரிதும் அடங்கிவிடும்.

அடங்காதது வெப்பநிலைமானி. ஒரு டிகிரிக் கோடு போட்ட மானியில் அரை டிகிரி தவறிப் படித்தால் விடை நான்கு கிலோஜூல் ஆடும். சரியாக 57.3 வந்தது என்று எழுதும் நோட்டைக் கண்டால், அதிர்ஷ்டமா, விடையிலிருந்து பின்னோக்கிப் போட்ட கணக்கா என்றுதான் நான் கேட்பேன். இந்தக் கோப்பையில் அசிட்டிக் அமிலத்தை ஹைட்ரோகுளோரிக்கோடு ஒப்பிடச் சொல்வதும் வீண். அந்த வேறுபாடு மானியின் இடைவெளிக்குள்ளேயே தொலைந்துவிடும். சோடாவுக்குப் பதில் அம்மோனியா வைத்தால் சில கிலோஜூல் குறையும். பத்தில் ஒரு டிகிரி காட்டும் மானி இருந்தால் அது தெளிவாகத் தெரியும். கோப்பையின் பிழைகள் இரு முறையும் ஒரே அளவில் வருவதால், ஒப்பீட்டில் பெரும்பாலும் கழிந்தும் போகும்.

அறை எத்தனை டிகிரி, தரம் பார்த்த செறிவு எவ்வளவு என்ற இரண்டு கட்டங்கள் ரெக்கார்டு நோட்டில் இல்லை. அவற்றைச் சேர்த்த பிறகு 'வெப்ப இழப்பு' என்று எழுதினால், எத்தனை ஜூல் என்றும் எழுத முடியும்.