கூட்டு மருந்தின் பலமும் ஓட்டையும்

சித்தூரிலோ திருப்பதியிலோ ஒருவருக்கு ஃபால்சிபாரம் மலேரியா உறுதியானால், தேசிய வழிகாட்டுதல் சொல்வது கூட்டு மருந்து. பெரியவர் என்றால் நாளுக்கு 200 மில்லிகிராம் ஆர்ட்டிசுனேட், மூன்று நாள். முதல் நாளில் மட்டும் அதோடு சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின். இதன் பலம் பெரிது. ஆனால் அதில் ஓர் ஓட்டையும் உண்டு.

முதலில் பலம். ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினைத் தின்று வளர்கிறது. அப்போது வெளிப்படும் ஹீமின் இரும்பு, ஆர்ட்டிசுனேட்டின் பெராக்சைடு பிணைப்பை உடைக்கிறது. அதில் பிறக்கும் வீரியமிக்க துகள்கள் ஒட்டுண்ணியின் புரதங்களைச் சிதைக்கின்றன. ஒட்டுண்ணியின் 48 மணி நேரச் சுழற்சி ஒன்றில், பத்தாயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சும். உடலில் லட்சம் கோடி ஒட்டுண்ணிகள் இருந்தாலும் இரண்டு சுழற்சிகளில் சுமார் பத்தாயிரமாகக் குறைந்துவிடும். ஆனால் இம்மருந்து சில மணி நேரத்தில் உடலிலிருந்து மறைந்துவிடுகிறது. எஞ்சியவற்றை அழிப்பது, பல நாள் இரத்தத்தில் தங்கி ஃபோலேட் உற்பத்தியைத் தடுக்கும் இணை மருந்தின் வேலை. அதை ஒரே வேளையில் கண்ணெதிரே விழுங்கச் செய்துவிடலாம் என்பது நடைமுறையில் பெரிய வசதி.

ஓட்டையும் அங்கேதான். டி.எச்.எஃப்.ஆர்., டி.எச்.பி.எஸ். மரபணுக்களில் மாற்றங்கள் சேரச் சேர இணை மருந்து செயலிழக்கிறது. அப்போது எஞ்சிய பத்தாயிரம் மீண்டும் பெருகி, சில வாரங்களில் காய்ச்சல் திரும்புகிறது. வடகிழக்கு மாநிலங்களில் இந்தக் கூட்டு இப்படித் தோற்றதால்தான் 2013இல் அங்கே ஆர்ட்டிமெத்தர்-லூமிஃபான்ட்ரின் வந்தது. கெல்ச்13 மரபணு மாறினால் நிலைமை இன்னும் மோசமாகும். இளம் ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைக் குறைவாக உட்கொள்ளும், ஆர்ட்டிசுனேட்டைத் தூண்டும் இரும்பும் குறையும். கொல்லும் வேகம் நூறில் ஒன்று மிஞ்சும் அளவுக்குச் சரிந்தால், இரண்டு சுழற்சிக்குப் பின் இணை மருந்தின் தலையில் விழுவது பத்துக் கோடி. கம்போடியாவில் இரு தோல்விகளும் ஒன்றுசேர்ந்தன.

விதியோ மாநில எல்லையை வைத்து மருந்தைப் பிரிக்கிறது. திருப்பதிக்கு நாடெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். அசாமிலோ திரிபுராவிலோ தொற்றிய ஒட்டுண்ணி, அங்கே தோற்ற மருந்தையே இங்கே சந்திக்கக்கூடும். எனவே ‘கடந்த சில வாரங்களில் எங்கே இருந்தீர்கள்?’ என்ற கேள்வி மருந்துச் சீட்டுக்கு முன்பே எழ வேண்டும்.

மூன்றாம் நாளும் 28ஆம் நாளும் இரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்ப்பதும் அவசியம். மூன்றாம் நாளில் ஒட்டுண்ணி தெரிந்தால் ஆர்ட்டிசுனேட் தாமதமாகிறது என்ற ஐயம் எழும். பின்னர் திரும்பி வந்தால் இணை மருந்தின் மீது சந்தேகம். துரிதப் பரிசோதனை அட்டை இதற்கு உதவாது. ஒட்டுண்ணி செத்த பின்னும் அதன் புரதம் வாரக்கணக்கில் இரத்தத்தில் தங்கி, அட்டையில் கோட்டைக் காட்டிக்கொண்டிருக்கும்.

கூட்டு மருந்தைக் கைவிடக் காரணமில்லை. தொற்றிய ஊரைக் கேட்டு மருந்தைத் தேர்ந்து, 28 நாள் வரை கண்காணித்தால்தான் அது நெடுநாள் பயன்படும்.