எழுதிவைத்த இரங்கல் கட்டுரை எங்கே பழையதாகிறது?

தலைவர் ஒருவர் தொண்ணூறைத் தாண்டினால், அவருக்கான இரங்கல் கட்டுரையை நாளிதழ்கள் முன்கூட்டியே எழுதிவைக்கின்றன. நள்ளிரவு நெருங்கும்போது செய்தி வந்தால், அறுபது எழுபது ஆண்டுப் பொதுவாழ்வைச் சரிபார்த்து எழுத அப்போது நேரம் இருக்காது. இந்த வழக்கம் இந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. ஆனால் கோப்பில் பிழை நுழையும் இடம் இரண்டு நாட்டிலும் வேறு. 2023 நவம்பர் 15 அன்று சென்னையில் மறைந்த என். சங்கரய்யா, 2024 ஜூன் 30 அன்று கொழும்பில் மறைந்த இரா. சம்பந்தன் ஆகிய இருவரின் வாழ்க்கையையும் அருகருகே வைத்தால் அது விளங்கும்.

சங்கரய்யாவின் தேர்தல் வரலாற்றை எழுதுவது எளிது. 1967இல் மதுரை மேற்கு, 1977இலும் 1980இலும் மதுரை கிழக்கு என மூன்று முறை சட்டமன்றம் சென்றவர். தேர்தல் ஆணையத்தின் தொகுதிவாரி அறிக்கையைப் புரட்டினால் மூன்றையும் உறுதி செய்துகொள்ளலாம். 1964க்குப் பிறகு கடைசிவரை ஒரே கட்சி. கவனம் தேவைப்பட்டது அவருடைய கடைசி ஆண்டுகளில்தான். 2021இல் தமிழக அரசு அவருக்குத் ‘தகைசால் தமிழர்’ விருது அளித்தது. 2023இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் வழங்க முடிவெடுத்தது. ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. நவம்பர் 2 அன்று நடந்த பட்டமளிப்பு விழாவில் அந்தப் பட்டம் வழங்கப்படவில்லை. இரண்டே வாரத்தில் அவர் மறைந்தார். பல்கலைக்கழகம் முடிவெடுத்த நாளில் கோப்பைத் திருத்தி, ‘கௌரவ டாக்டர் பட்டம் பெற்றவர்’ என்று எழுதி மூடிய ஒருவர், நடக்காத ஒன்றை எழுதியிருப்பார். அறிவிக்கப்பட்டது வேறு, வழங்கப்பட்டது வேறு. தமிழ்நாட்டு முதுபெரும் தலைவர்களுக்குக் கடைசிக் காலத்தில் விருதும் சிலையும் பெயர்சூட்டலும் தொடர்ந்து அறிவிக்கப்படுவதால், கோப்பின் இந்தப் பத்திதான் முதலில் பழையதாகிறது.

வயதும் அப்படியே. நம்மூர் விழாக்கள் நூறு நிறைவதற்கு முன்பே தொடங்கிவிடும். 1924 ஜூன் 3 அன்று பிறந்த மு. கருணாநிதியின் நூற்றாண்டு விழா, 99 ஆண்டுகள் நிறைந்த 2023 ஜூனிலேயே தொடங்கியது. விழா அழைப்பிதழை வைத்து வயதைக் கணக்கிட்டால் ஓராண்டு கூடிவிடும். ஆகவே கோப்பில் வயதை எழுதக் கூடாது. பிறந்த தேதியை மட்டும் ஆதாரத்துடன் குறித்துவைத்து, இறந்த நாளில் கழித்துப் பார்க்க வேண்டும்.

இனி சம்பந்தன். 1933 பிப்ரவரி 5 அன்று பிறந்தவர். மறையும்போது வயது 91. ‘1977 முதல் திருகோணமலையின் நாடாளுமன்ற உறுப்பினர்’ என்று ஒரே வரியில் எழுதத் தோன்றும். அந்த வரி பிழையானது. 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணி சார்பில் திருகோணமலைத் தொகுதியில் வென்றார். 1983இல் ஆறாவது அரசியலமைப்புத் திருத்தத்தை ஒட்டிக் கூட்டணியினர் நாடாளுமன்றத்தைப் புறக்கணித்ததில் ஆசனத்தை இழந்தார். மீண்டும் உள்ளே வந்தது 1997இல். 2000 தேர்தலில் வெல்லவில்லை. 2001 முதல்தான் தொடர்ச்சி.

அந்த 1997, இந்தியத் தேர்தல் முறையில் பழகியவரைத் திகைக்க வைக்கும். அந்த ஆண்டு திருகோணமலையில் இடைத்தேர்தல் எதுவும் இல்லை. 1978 அரசியலமைப்புக்குப் பின் இலங்கையில் மாவட்ட வாரியான விகிதாசார முறை. உறுப்பினர் ஒருவர் இறந்தால் அதே பட்டியலில் அடுத்து இருப்பவர் அந்த ஆசனத்துக்கு வருவார். 1997 ஜூலையில் அ. தங்கத்துரை கொல்லப்பட்டதால் சம்பந்தன் நாடாளுமன்றம் சென்றார். தேர்தல் முடிவுகளில் மட்டும் தேடுபவருக்கு இது அகப்படாது. நாடாளுமன்றத்தின் முன்னாள் உறுப்பினர் பட்டியலில்தான் பார்க்க வேண்டும். 1977இல் ‘தொகுதி’, பிந்தைய ஆண்டுகளில் ‘மாவட்டம்’ என்று எழுதுவதும் அதனால்தான்.

கட்சிப் பெயரும் கட்டத்துக்குக் கட்டம் மாறும். 2001இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு போட்டியிட்டது விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில். 2004 முதல் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில். 2023 தொடக்கத்தில் பங்காளிக் கட்சிகள் விலகிவிட்டன. 2024 ஜனவரியில் தமிழரசுக் கட்சித் தலைவர் தேர்தலில் சி. சிறீதரன் வென்றார், அதன்பின் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. 2020 தேர்தலுக்குப் பின் திறக்காத கோப்பு, கூட்டமைப்பு முழுமையாக இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருக்கும்.

‘முதல்’, ‘ஒரே’ என்னும் சொற்களைத் தனியே சோதிக்க வேண்டும். சம்பந்தன் 2015 முதல் 2018 வரை எதிர்க்கட்சித் தலைவர். ஆனால் அந்தப் பதவிக்கு வந்த முதல் தமிழர் அல்லர், 1977இல் அ. அமிர்தலிங்கம் வந்துவிட்டார். இந்தியப் பக்கத்திலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1964இல் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் குழுவிலிருந்து வெளியேறிய 32 பேரில், இருவர் மட்டும் எஞ்சியிருந்த காலம் வந்தது: சங்கரய்யா, கேரளத்தின் வி.எஸ். அச்சுதானந்தன். சங்கரய்யா மறைந்த அன்றே அச்சுதானந்தன் கோப்பில் ‘இருவரில் ஒருவர்’ என்பதை ‘எஞ்சிய ஒரே தலைவர்’ என்று மாற்றியிருக்க வேண்டும். ஒருவரின் மரணம் இன்னொருவரின் கோப்பைத் திருத்தும் நாள். 2025 ஜூலை 21 அன்று அச்சுதானந்தனும் மறைந்தார்.

கடைசியாக, இறப்பை உறுதி செய்வது. இந்தியாவில் பெரிய தலைவர்களின் கடைசி நாட்கள் மருத்துவமனை வாசலில் கூட்டத்தோடும் வதந்தியோடும் கழியும். 1979 மார்ச் 22 அன்று ஜெயப்பிரகாஷ் நாராயண் இறந்துவிட்டதாகப் பிரதமர் மொரார்ஜி தேசாயே மக்களவையில் அறிவித்தார். அவை அஞ்சலி செலுத்தியது. பம்பாயில் ஒரு மருத்துவமனையில் அவர் உயிரோடு இருந்தார்; இறந்தது அக்டோபர் 8. சொன்னவரின் பதவி உயர்ந்தது என்பதால் செய்தி உறுதியாகிவிடாது. கட்டிலருகே இருந்து வரும் தகவலோடு ஒத்துப்போக வேண்டும். 2016 டிசம்பர் 5 மாலை சில தமிழ்த் தொலைக்காட்சிகள் ஜெயலலிதா மறைந்ததாகச் சொல்ல, கட்சி அலுவலகக் கொடி இறங்கி, மருத்துவமனை மறுத்ததும் மீண்டும் ஏறியது. அன்று இரவு 11.30க்கு இறந்ததாக மருத்துவமனை அறிவித்தது. பின்னாளில் ஆறுமுகசாமி ஆணைய அறிக்கை முந்தைய நாள் பிற்பகலைக் குறித்தது. ஆகவே நேரத்தை எழுதும்போது ‘மருத்துவமனை அறிவித்தபடி’ என்று மூலத்தையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

சம்பந்தன் மறைந்தது ஞாயிறு பின்னிரவில். பெரும்பாலோர் அறிந்தது திங்கள் காலையில். அங்கே தேதிதான் இடறும் இடம்: ஜூலை 1 அன்று எழுதுபவரின் விரல் ‘இன்று’ என்றே தட்டும். இறுதிச் சடங்கின் கால அளவும் வேறு. சங்கரய்யாவின் உடல் மறுநாளே பெசன்ட் நகரில் தகனமானது. சம்பந்தனின் உடல் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வைக்கப்பட்டு, ஜூலை 7 அன்று திருகோணமலையில் தகனமானது. சென்னைக் கோப்பு சில மணி நேரத்தில் முழுமை பெற வேண்டும். இலங்கைப் பத்திரிகைக்கு ஒரு வாரம் கிடைக்கிறது. முதல் நாளில் வாழ்க்கைச் சுருக்கத்தை மட்டும் வெளியிட்டு, சர்ச்சைக்குரிய ஆண்டுகளைச் சரிபார்த்து வார இதழில் விரிவாக எழுதலாம்.

ஆகவே கோப்பு எழுதுபவர் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஆதாரத்தையும், அதைக் கடைசியாகப் பார்த்த தேதியையும் குறிக்க வேண்டும். இறந்த நாள், இடம், வயது, உயிரோடிருக்கும் குடும்பத்தார் ஆகிய இடங்கள் வெறுமையாக இருக்கட்டும். மனைவியோ பிள்ளையோ முன்பே இறந்திருக்கக்கூடும். அதைக் குடும்பத்தாரிடம் கேட்டே நிரப்ப வேண்டும். பிறரின் இரங்கல் வாசகங்களை முன்கூட்டி எழுதிவைக்கவே கூடாது. தேர்தல், கட்சிப் பிளவு, விருது, தீர்ப்பு, சமகாலத்தவர் மரணம் ஆகிய ஐந்தில் எது நடந்தாலும் அன்று கோப்பைத் திறக்க வேண்டும். சென்னையில் திறப்பவர் கடைசிப் பத்தியிலிருந்து தொடங்கட்டும். யாழ்ப்பாணத்தில் திறப்பவர் நடுப்பத்திகளிலிருந்து.