நகரும் காட்சியில் ஒரு காகிதக் கப்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்கு அறிமுகப் படம் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்லைடரில் கேமரா பக்கவாட்டில் நகர்கிறது. ஆறு விநாடி ஷாட். விநாடிக்கு 25 பிரேம் என்றால் 150 பிரேம். எந்திரத்தின் மேல் யாரோ வைத்துவிட்டுப் போன டீ கப் எடிட்டிங்கில்தான் கண்ணில் படுகிறது. ஷிப்ட் ஓடும் இடத்தில் மறுபடி எடுப்பது லேசில்லை. மாஸ்க் டிராக்கிங் கைகொடுப்பது இங்கேதான்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் கப்பைச் சுற்றி ஒரு மாஸ்க் வரைந்து, அது நகர்வதை மென்பொருளையே பின்தொடரச் செய்யலாம். 150 பிரேமிலும் கையால் நகர்த்தும் பாடு மிச்சம். டிராக்கர் மாஸ்க்குக்குள் இருக்கும் பிக்சல்களைத்தான் பார்க்கிறது. அதனால் மாஸ்க்கைத் தாராளமாக வரைந்தால், பின்சுவரும் உள்ளே வந்து மாஸ்க்கை வேறு பக்கம் இழுத்துவிடும். முதலில் கப்பை ஒட்டி வரைந்து டிராக் செய்துவிட்டு, பிறகு Mask Expansion-ஐக் கூட்டி விளிம்பையும் நிழலையும் உள்ளே கொண்டுவருவதே சரி.

கப் எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் இதுவரை தெரிந்தது. அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதை மாஸ்க் சொல்லாது. 2019இல் வந்த Content-Aware Fill அதை மற்ற பிரேம்களில் தேடி எடுக்கிறது. கப்பின் மேல்பாதிக்குப் பின்னால் சில அடி தள்ளித் தகரச் சுவர். கேமரா நகர நகர, கப் மறைத்த சுவர்ப்பகுதி வேறொரு பிரேமில் வெளிப்பட்டுவிடும். நிரப்புவதற்கு உண்மையான படமே கிடைக்கிறது. கீழ்ப்பாதி எந்திரத்தோடு ஒட்டியிருக்கிறது. அதன் அடியில் இருக்கும் இடம் எந்தப் பிரேமிலும் தெரியாது. அங்கே மென்பொருள் ஊகிக்கிறது. பெயின்ட் பரப்பு குழைந்து நெளிகிறது. எனவே மாஸ்க்கை இரண்டாகப் பிரித்து, மேல்பாதியைத் தானாக நிரப்பவிட்டு, கீழ்ப்பாதிக்கு Create Reference Frame மூலம் ஒரு பிரேமைக் கையால் வரைந்து கொடுக்க வேண்டும்.

பிரேமை நிறுத்திப் பார்த்தால் குறை தெரியாது, ஓடவிட்டால்தான் தெரியும். சுற்றிலும் நாய்ஸ் துடிக்கும்போது ஒட்டிய இடம் மட்டும் உறைந்து நிற்கும். வெல்டிங் வெளிச்சம் பளிச்சிடும்போது அந்த இடம் மட்டும் மாறாது. தொழிலாளியின் கை குறுக்கே போனால் மாஸ்க் அதைப் பிடித்துக்கொண்டு போய்விடும். அந்தச் சில பிரேம்களைக் கையால்தான் திருத்த வேண்டும்.

பொருள் சிறியதாகவும், அதன் பின்னணி ஏதாவது ஒரு பிரேமிலாவது வெளிப்படுவதாகவும் இருந்தால் இந்த முறை நம்பத்தக்கது. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும், கையால் வரைவதற்கான நேரத்தை முன்கூட்டியே கணக்கில் சேர்ப்பதே நேர்மை. டீ கப்பை எடுப்பதால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் எந்திரத்தின் பாதுகாப்பு மூடி கழன்று கிடப்பதை இதே மாஸ்க்கால் மறைத்தால், அங்கே வேலை செய்பவரின் ஆபத்தைத்தான் மறைக்கிறோம். அதைச் செய்யக் கூடாது.